சேர்ட்டில் மட்டும் மினுங்குகிறதா? மொய்ரேயைப் பிடித்து எடுக்கும் வழி

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் அதிபருக்குப் பிரியாவிடை. மேடை முழுவதும் தெரியும்படி ஒரு கமராவை ஸ்டாண்டில் வைத்துப் பேச்சுகள் எல்லாவற்றையும் எடுத்தோம். அதிபர் போட்டிருந்தது மெல்லிய நீலக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற வெள்ளைச் சேர்ட். நேரில் பார்த்தால் வெளிர்நீலச் சேர்ட் என்றுதான் தோன்றும். ஸ்டூடியோவுக்கு வந்து கணினியில் ஓடவிட்டபோது அந்தச் சேர்ட்டில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள் நெளிந்தன. மொய்ரே என்று சொல்வது இந்தப் பொய்ப்பட்டைகளைத்தான். அவர் மூச்சு விடும்போதெல்லாம் பட்டைகள் மேலும் கீழும் ஓடின. முப்பத்திரண்டு வருடம் அந்தப் பள்ளிக்கு உழைத்த மனிதர் விடைபெற்றுப் பேசுகிற நேரத்தில், பார்க்கிறவர் கண் அவருடைய முகத்தில் நிற்காமல் சட்டையிலேயே நிற்கிறது. மறுபடி எடுக்க வழி இல்லை.

என்னோடு வேலை செய்கிற தம்பி முதலில் செய்தது, படம் முழுக்கக் கொஞ்சம் ப்ளர் போட்டது. "அண்ணே, இப்ப ஓரளவு பரவாயில்லை" என்றான். முகம் மங்கிவிட்டது, பின்னால் பதாகையில் இருந்த எழுத்து மங்கிவிட்டது, சேர்ட்டின் பட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. ஏன் அப்படி என்று விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக வரும். அதனால் அதை முதலில் சொல்லிவிட்டு, அறிகுறி அறிகுறியாகப் போகிறேன்.

அந்தப் பட்டை எங்கிருந்து வருகிறது

சேர்ட்டில் ஒரு கோடும் அடுத்த இடைவெளியும் சேர்ந்து 2 மில்லிமீட்டர். கமரா தூரத்தில் இருந்ததால் படத்தின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே சேர்ட்டில் 1.9 மில்லிமீட்டர் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 1080 வரிக்கு அது ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். ஒரு சின்ன மேடையை முழுதாக எடுத்தால் அவ்வளவுதான் வரும். ஒரு கோட்டைக் கோடாகப் பதிய வேண்டுமானால் கோடு, இடைவெளி என்ற ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டு புள்ளியாவது வேண்டும். இங்கே ஒரு சுற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. முதல் வரி கோட்டின் நடுவில் விழும். அடுத்த வரி அடுத்த கோட்டின் நடுவுக்கு 0.1 மில்லிமீட்டர் முன்னால் விழும். அதற்கடுத்தது 0.2 முன்னால். இப்படியே நழுவி நழுவி ஒரு முழுச் சுற்று முடிய 20 வரி ஆகும். அதுதான் சேர்ட்டில் 38 மில்லிமீட்டர் அகலத்தில் தெரிகிற பட்டை. துணியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

அவர் மூச்சு விடும்போது சேர்ட் அரை மில்லிமீட்டர் அசைந்தால் போதும், பட்டை அதன் அகலத்தில் கால்பங்கு, அதாவது ஒரு சென்ரிமீட்டருக்குக் கிட்ட ஓடிவிடும். பத்தொன்பது மடங்கு பெருக்கம். மினுங்கல் என்று நாம் சொல்வது இந்த ஓட்டத்தைத்தான்.

பட்டை 20 வரி அகலமானது. நாம் போடுகிற மெல்லிய ப்ளர் இரண்டு மூன்று பிக்சல். அது முகத்தின் நுணுக்கத்தை அழிக்கும். 20 வரிப் பட்டையை ஒன்றும் செய்யாது. தம்பி பார்த்தது அதைத்தான்.

பழைய கமராக்களில் இது கூடுதல். வீடியோ எடுக்கும்போது சென்சரின் எல்லா வரிகளையும் படிக்காமல் இடையிடையே விட்டுவிட்டுப் படிக்கிற வகை அவை. 2008இல் வந்த கெனன் 5டி மார்க் 2 இதற்குப் பேர்போனது. விட்டுப் படிக்கும்போது இரண்டு வரிகளுக்கு இடையில் என்ன இருந்தது என்று கமராவுக்குத் தெரியாமல் போகிறது, அதனால் பொய்ப்பட்டை பலமாக வருகிறது. எங்கள் கமராவும் அந்த ரகம்தான்.

அறிகுறி: எடிட் செய்யும் திரையில் மினுங்குகிறது, பெரிதாக்கினால் காணோம்

எதையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். படத்தை நிறுத்திவிட்டு 100 சதவீதத்தில், அதாவது ஒரு பிக்சலுக்குத் திரையில் ஒரு பிக்சல் என்ற அளவில் பாருங்கள். பட்டை போய்விட்டால் கோப்பில் குற்றம் இல்லை. எடிட் மென்பொருள் படத்தைச் சின்னப் பெட்டிக்குள் அடக்கும்போது வேகத்துக்காகச் சில பிக்சல்களைத் தவிர்க்கிறது, அந்தத் தவிர்ப்பில் பிறக்கிற பட்டை அது. கமராவின் சின்னத் திரையும் இப்படித்தான் ஏமாற்றும். மேடைக்கு முன்னால் நின்று பதறுவதற்குள் பெரிதாக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.

100 சதவீதத்தில் சுத்தமாக இருந்து, சின்னதாக்கி ஏற்றுமதி செய்த கோப்பில் மட்டும் மினுங்கினால் வேலை சுலபம். சின்னதாக்குகிற முறையை மாற்றினால் போதும். டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட் மென்பொருளில் திட்ட அமைப்புக்குள் `Image Scaling` பக்கத்தில் `Resize filter` என்று ஒன்று இருக்கிறது. அது `Sharper` இல் இருந்தால் `Smoother` க்கு மாற்றுங்கள். கட்டளை எழுதி வீடியோவை மாற்றுகிற ffmpeg பாவிக்கிறவர்கள் இப்படிச் செய்யலாம்:

```
ffmpeg -i master.mov -vf "scale=1280:720:flags=area" -c:v libx264 -crf 18 -c:a aac out.mp4
```

`area` என்பது சின்னதாக்கும்போது எந்தப் பிக்சலையும் விட்டுவிடாமல் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும். கூர்மை ஒரு துளி குறையும். கட்டம் போட்ட துணிக்கு அது நல்லதே. இன்னொன்று: 4கே கோப்பை 1080க்கு இறக்கி, அந்த 1080ஐ மறுபடி 720க்கு இறக்குவது என்று படிப்படியாகப் போகாதீர்கள். முதல் கோப்பிலிருந்து ஒரே தடவையில் இறக்குங்கள்.

அசைவைச் சீராக்கும் வசதியைப் போட்ட பிறகுதான் மினுங்கல் தொடங்கியது என்றால் அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒவ்வொரு ஃபிரேமையும் அரைப் பிக்சல், கால் பிக்சல் என்று நகர்த்தும்போது மெல்லிய கோடுகள் ஒரு ஃபிரேமில் கூர்மையாகவும் அடுத்ததில் மங்கலாகவும் விழும். ஸ்டாண்டில் வைத்து எடுத்த காட்சிக்கு அந்த வசதி தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள்.

எங்கள் அதிபர் காட்சியில் 100 சதவீதத்திலும் பட்டை அப்படியே நின்றது. ஆகவே கோப்புக்குள்ளேயே பதிந்துவிட்டது.

அறிகுறி: பட்டை நிறம் நிறமாக ஓடுகிறது

அடுத்த சோதனைக்கு அரை நிமிடம் போதும். நிறச்செறிவைப் பூச்சியத்துக்கு இறக்கிக் கறுப்பு வெள்ளையாக ஓடவிடுங்கள். மினுங்கல் முழுவதும் மறைந்தால் குற்றம் நிறத்தில் மட்டும் இருக்கிறது. கொஞ்சம் மீந்தால் வெளிச்சத்திலும் இருக்கிறது. சற்றும் குறையாமல் இருந்தால் வெளிச்சத்தில்தான் முழுக் குற்றமும்.

நிறம் ஏன் முதலில் கெடுகிறது என்றால், சென்சரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். நான்கு புள்ளியில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்புப் புள்ளிகளும் நீலப் புள்ளிகளும் ஒன்று விட்டு ஒன்றாக, வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே சிவப்பின் பொய்ப்பட்டையும் நீலத்தின் பொய்ப்பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகி விழும். விலகிய இடத்தில் இல்லாத நிறம் முளைக்கிறது.

இதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மனிதக் கண் கூர்மையை வெளிச்சத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது, நிறத்தில் இருந்து மிகக் கொஞ்சம். அதனால் வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் தாராளமாக மங்கலாக்கலாம். துணியின் மடிப்பு, பொத்தான், பையின் தையல் எல்லாம் அப்படியே கூர்மையாக நிற்கும்.

ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே இதைச் செய்யலாம். `Color` பக்கத்தில் காட்சியைத் தெரிந்து Alt+S அழுத்திப் புதிய நோட் ஒன்று, அதாவது திருத்தம் ஏறுகிற தனிப் பெட்டி ஒன்று போடுங்கள். நோட்டின் மேல் வலது சொடுக்கு, `Color Space` இல் `Lab (CIE)` எடுங்கள். திரும்ப வலது சொடுக்கு, `Channels` இல் `Channel 1` க்கு முன்னால் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். முதலாவது வெளிச்சம், இரண்டும் மூன்றும் நிறம். இனி இந்த நோட்டில் என்ன செய்தாலும் நிறத்தில் மட்டும்தான் ஏறும். அப்புறம் `Blur` தட்டில் `Radius` ஐ அதன் தொடக்க நிலையான 0.50இலிருந்து மெதுவாக மேலே கொண்டுபோங்கள். பட்டைகள் கரைந்து சேர்ட் ஒரே வெளிர்நீலமாகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு கோடு கூடக் கூட்ட வேண்டாம்.

எவ்வளவு போட வேண்டும் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். ஒரு பட்டையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை ப்ளரின் அளவாக, அதாவது கவுசியன் ப்ளரில் சிக்மா என்கிற எண்ணாக வைத்தால் பட்டையின் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். பாதியை வைத்தால் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நான்கில் ஒரு பங்குதான் வைத்தீர்கள் என்றால் இன்னும் முப்பது சதவீதத்துக்குக் கிட்ட மிஞ்சும், பட்டை கண்ணுக்குத் தெரியும். ஆகவே முதலில் பட்டையை அளந்துகொள்ளுங்கள். ஒரு ஃபிரேமைப் படமாக எடுத்து, ஒரு பச்சையின் நடுவிலிருந்து அடுத்த பச்சையின் நடு வரைக்கும் எத்தனை பிக்சல் என்று எண்ணினால் போதும்.

எங்களுக்கு வந்தது 20 பிக்சல், மேலே போட்ட கணக்கோடு ஒத்துப்போனது. மேடையில் அவர் ஒரே இடத்தில் நின்று பேசியதால் ரிசால்வைத் திறக்காமல் ffmpeg இலேயே முடித்துப் பார்த்தேன்:

```
ffmpeg -i athipar.mp4 -filter_complex "[0:v]format=yuv420p,split[a][b];[b]crop=280:340:820:380,gblur=sigma=4:steps=6:planes=6[c];[a][c]overlay=820:380" -c:v libx264 -crf 16 -c:a copy test.mp4
```

சேர்ட் இருக்கிற பகுதியை ஒரு பெட்டியாக வெட்டி, அதன் நிறத்தை மட்டும் மங்கலாக்கி, அதே இடத்தில் திரும்ப ஒட்டுகிறது இது. `crop` இல் முதல் இரண்டு எண் பெட்டியின் அகலமும் உயரமும், அடுத்த இரண்டும் இடதுபக்கத்திலிருந்தும் மேலிருந்தும் உள்ள தூரம். எல்லாம் இரட்டை எண்ணாக இருக்கட்டும். `steps=6` ப்ளரை அசல் கவுசியனுக்குக் கிட்டக் கொண்டுவரும், இல்லாவிட்டால் பட்டை கூடுதலாக மிஞ்சும். `planes=6` என்பதில் வெளிச்சத்தின் எண் 1, நிறங்களின் எண்கள் 2, 4. இரண்டையும் கூட்டினால் 6. சிக்மா ஏன் 4 என்று கேட்பீர்கள். இந்த வகைக் கோப்பில் நிறம் பாதி அளவில்தான் சேமிக்கப்படுகிறது. படத்தில் 20 பிக்சல் பட்டை நிறத்தளத்தில் 10தான். அதில் மூன்றில் ஒன்று 3.3, கொஞ்சம் கூட்டி 4. இதை மறந்து 8, 9 என்று போட்டால் சேர்ட்டைத் தாண்டி நிறம் வழியத் தொடங்கும்.

அறிகுறி: பட்டை போனது, ஆனால் சேர்ட்டின் ஓரத்தில் வேறு நிறம் கசிகிறது

எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. பேச்சின் நடுவில் அதிபருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சிவப்புக் கரை போட்ட பொன்னாடை. பெட்டி அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதால் கரையின் சிவப்பு வெள்ளைச் சேர்ட்டுக்குள் ஒரு விரல் அகலத்துக்கு ஊறிக்கிடந்தது. கழுத்துப் பட்டியிலும் தோல் நிறம் ஏறி, அழுக்குப் பட்ட கொலர் மாதிரித் தெரிந்தது. நிறத்தை மங்கலாக்கும்போது பக்கத்துப் பிக்சல்களின் நிறம் கலக்கத்தான் செய்யும். பக்கத்தில் வேறு நிறம் இல்லாதபடி பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

இதற்குப் பெட்டி போதாது. ரிசால்வில் அதே நோட்டில் பேனா வடிவ `Power Window` எடுத்துச் சேர்ட்டின் உள்ளே ஒரு வடிவம் வரைந்தோம். ஓரத்தில் ப்ளரின் அகலம் அளவுக்கு உள்ளே தள்ளியே வரைய வேண்டும். எங்களுக்கு எட்டுப் பத்துப் பிக்சல். ஓரத்தில் கொஞ்சம் மொய்ரே மிஞ்சும்தான். ஆனால் மெல்லிய ஓரமாக மிஞ்சுகிற மொய்ரேயை யாரும் கவனிக்க மாட்டார்கள், கசிந்த சிவப்பை எல்லோரும் கவனிப்பார்கள். ஓரம் வெட்டுப்பட்டது போலத் தெரியாமல் இருக்க உள்பக்க மென்மையைக் கூட்டி, வெளிப்பக்க மென்மையை ஏறத்தாழப் பூச்சியத்தில் விட்டோம். Shift+H அழுத்தினால் எந்தப் பகுதியில் வேலை ஏறுகிறது என்று தனியாகத் தெரியும். அப்படியே முழுக் காட்சியையும் ஒருதரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஆள் அசைந்தால் Ctrl+T கொடுத்து வடிவத்தை அவரோடு ஓடவிடலாம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. டிராக்கர் பிடித்துக்கொள்வது துணியில் உள்ள அடையாளங்களை. மொய்ரேப் பட்டையும் அதன் கண்ணுக்கு அடையாளம்தான். பட்டை மேலே ஓடினால் வடிவமும் மேலே ஓடிவிடும். அதிபர் நின்ற இடத்திலேயே நிற்க, வடிவம் மெல்ல அவருடைய தாடைக்கு ஏறிப்போனதை நாங்கள் பார்த்தோம். முகத்தின் மேல் ஒரு வடிவம் போட்டு அதை டிராக் செய்து, அந்த அசைவை நகலெடுத்துச் சேர்ட்டின் வடிவத்துக்குக் கொடுத்தோம். நேராக நின்று பேசுகிறவருக்கு முகமும் மார்பும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் அசையும். பொன்னாடை போர்த்துகிற இடத்தில் காட்சியை வெட்டி, அதற்குப் பின் வேறொரு வடிவம் வரைந்தோம்.

அறிகுறி: மொய்ரேயோடு சேர்ட்டின் சொந்த நிறமும் செத்துவிட்டது

வெள்ளையில் நீலம், சாம்பலில் வெள்ளை என்றால் இது வராது. சிவப்பும் பச்சையும் கலந்த சின்னக் கட்டச் சேர்ட்டையோ நுணுக்கமான பூ வேலை செய்த சேலையையோ இப்படிச் செய்தால், நிறங்கள் கலந்து மண்ணிறமாகிவிடும். அதற்கு ப்ளர் சரிவராது. அதே வடிவத்துக்குள் `Hue Vs Sat` வளைவை எடுத்து, துணியில் இல்லாத நிறம் எதுவோ அதை மட்டும் இறக்குங்கள். சிவப்புக் கரைச் சேலையில் பச்சை மின்னினால் பச்சையை இறக்குவது. துணியில் உள்ள அதே நிறத்தில்தான் மொய்ரேயும் வருகிறது என்றால் இந்த வழியும் அடைபட்டுவிடும், அப்போது அடுத்த பகுதிக்குத்தான் போக வேண்டும்.

அறிகுறி: நிறமே இல்லை, கறுப்பு வெள்ளையிலும் ஓடுகிறது

கஷ்டமானது இதுதான், நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பொய்ப்பட்டை வெளிச்சத்திலேயே பதிந்துவிட்டால் அசல் கோட்டைத் திரும்ப எடுக்க எந்த வழியும் இல்லை. 2 மில்லிமீட்டர்க் கோடு பதிவாகவே இல்லை. அதன் இடத்தில் 38 மில்லிமீட்டர்ப் பட்டை உட்கார்ந்திருக்கிறது. இங்கே நாம் செய்யக்கூடியது பட்டையின் பலத்தைக் குறைத்துக் கண்ணை இழுக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

முதலில் பட்டை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பாருங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் படபடவென்று அடித்தால் அது நமக்கு நல்லது. அடுத்தடுத்த ஃபிரேம்களில் பட்டை வேறு வேறு இடத்தில் இருக்கிறது, சேர்ட் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கிறது. மூன்று அல்லது ஐந்து ஃபிரேமைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பட்டைகள் ஒன்றையொன்று தின்றுவிடும், மடிப்பும் பொத்தானும் நிற்கும். ffmpeg இல் வெட்டிய பெட்டிக்குள் `gblur` இருக்கிற இடத்தில் `tmix=frames=5` என்று போடலாம். ரிசால்வில் இதற்கான `Temporal NR` காசு கொடுத்து வாங்குகிற ஸ்டூடியோ பதிப்பில்தான் இருக்கிறது. கையை வீசிப் பேசுகிற இடங்களில் `tmix` கையின் பின்னால் நிழல் இழுக்கும், அந்த இடங்களில் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் மூச்சோடு மெதுவாக ஊர்கிற பட்டைக்கு இது ஒன்றும் செய்யாது. 25 ஃபிரேம் ஓடுகிற வீடியோவில் ஒரு மூச்சுக்கு நான்கு நொடி என்றால் 100 ஃபிரேம். ஐந்து ஃபிரேமுக்குள் பட்டை அசைந்தே இருக்காது. சராசரி எடுத்தாலும் அதே பட்டைதான் கிடைக்கும். எங்கள் அதிபர் நிதானமாகப் பேசுகிறவர். எங்களுக்கு மிஞ்சியது இந்த வகை.

அதற்கு நாங்கள் செய்தது இது. நிறத்தைத் திருத்திய நோட்டுக்குப் பிறகு இன்னொரு நோட். அதே `Lab (CIE)`, அதே வடிவம், ஆனால் இந்த முறை `Channel 1` மட்டும் உயிரோடு, மற்ற இரண்டும் அணைத்து. இதில் ப்ளர் போட்டுப் பட்டை முழுதாகக் கரைகிற வரை கொண்டுபோனோம். சேர்ட் இஸ்திரி போட்ட வெறும் துணி மாதிரி ஆகிவிட்டது, மடிப்புகள் கூடப் பாதி போய்விட்டன. பிறகு `Key` தட்டில் `Key Output` இன் `Gain` ஐ 1.0இலிருந்து 0.5க்கு இறக்கினோம். பாதி அசல், பாதி மங்கல். பட்டையின் பலம் பாதியானது, மடிப்பும் பொத்தானும் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. 0.6, 0.7 என்று ஏற்றியும் பார்த்தோம். 0.7இல் பட்டை இன்னும் குறைந்தது, ஆனால் சேர்ட் மெழுகு பூசியது போல் ஆகிவிட்டது. முகத்தில் நுண்ணிய குருணை, அதாவது பொடிப்புள்ளிகள் ஓட, சேர்ட்டில் மட்டும் எதுவும் ஓடாமல் இருந்தால் அங்கே ஏதோ செய்திருக்கிறார்கள் என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். 0.55இல் நிறுத்திவிட்டு வடிவத்துக்குள் மிக மெல்லிய குருணை சேர்த்தோம், முகத்தோடு ஒத்துப்போனது.

கூர்மை கூட்டுகிற நோட் ஏதும் இருந்தால் அது கடைசியில் வரட்டும், சேர்ட்டின் வடிவத்தை அதிலிருந்து விலக்கியும் விடுங்கள். கூர்மை முதலில் ஏறினால் பட்டைக்கும் பலம் ஏறும், பிறகு அழிக்க இரட்டிப்பு வேலை.

அறிகுறி: கணினியில் சுத்தம், வீட்டு டீவியில் மட்டும் கோடுகள் துடிக்கின்றன

படுக்கைவாட்டில் ஓடுகிற மெல்லிய கோடுகள், லயத்துத் தகரக் கூரையின் விளிம்பு, தேயிலைத் தொழிற்சாலையின் ஜன்னல் வரிசை, இவை மட்டும் ஒரு வரி மேலும் கீழுமாகத் துடிக்கும். டிவிடியாக எரித்துக் கொடுத்தால் இது அதிகம். டிவிடியில் படம் பெரும்பாலும் ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் ஒரு தடவை என்று பிரிந்து போகிறது. ஒரே ஒரு வரி தடிப்பான கோடு அரை நேரம் இருக்கிறது, அரை நேரம் இல்லை. இதற்குப் படம் முழுக்க ப்ளர் தேவையில்லை, மேலிருந்து கீழாக மட்டும் மிக மெல்லிய ப்ளர் போதும். துடிக்கிற பகுதிக்கு மட்டும். பென் டிரைவில் கொடுப்பதாக இருந்தால் வரி பிரிக்காத வகையில் ஏற்றுமதி செய்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதிபர் வீட்டில் பழைய டீவி, டிவிடிதான் வேண்டும் என்றார்கள். மேடைக்குப் பின்னால் தெரிந்த தகரக் கூரைக்கு மட்டும் அப்படிச் செய்து கொடுத்தோம்.

அடுத்த மேடையில்

சேர்ட்டைப் பார்த்ததுமே எனக்கு இப்போது கை தானாகப் போகிறது. கமராவை அரை அடி முன்னால் நகர்த்தினாலே பட்டையின் அகலம் மாறும். 1.9 மில்லிமீட்டர் 1.8 ஆனால் 38 மில்லிமீட்டர்ப் பட்டை 18 ஆகச் சுருங்கிவிடும், சுருங்கிய பட்டையை எடிட்டில் அழிப்பது பாதி வேலை. இன்னும் நெருங்கி ஆளை மார்பளவுக்கு எடுத்தால் கோடு கோடாகவே பதியும், பட்டை வராது. நகர இடம் இல்லையென்றால் லென்ஸின் துளையை எஃப் 16க்குச் சுருக்குவேன். அங்கே படம் இயல்பாகவே ஒரு துளி மென்மையாகும், பொய்ப்பட்டை பிறக்கும்போதே கொஞ்சம் அடங்கும். மழைக்கால மண்டபத்து வெளிச்சத்தில் எஃப் 16 தாங்காது. அப்போது ஃபோகஸைச் சேர்ட்டுக்கு அல்ல, சற்று முன்னால் உள்ள ஒலிவாங்கிக்கு வைப்பேன். முகம் கெடாத அளவுக்கு, பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே.

அதிபரின் காட்சியில் ஓரத்தில் மிஞ்சிய மெல்லிய பச்சையை எடுக்க இன்னொரு நாள் செலவிடலாமா என்று தம்பி கேட்டான். டிவிடியை எரிப்பதற்கு முன் ஸ்டூடியோவின் பழைய டீவியில் போட்டுப் பார்த்தோம். பத்தாவது நிமிடத்தில், முதல் மாணவர் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தடுமாறுகிறது. கையால் கண்ணைத் துடைக்கிறார். தம்பி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்தை விட்டுவிட்டோம்.